‘கவனமா பண்ணுப்பா’ என்பதில் தகவல் எங்கே இருக்கிறது?

நம்ம ஊர் ஆபீஸ்களிலும் தொழிற்சாலைகளிலும் ஜூனியர்களுக்கு அதிகமாகச் சொல்லப்படுகிற வாக்கியம் ஒன்று உண்டு: ‘கொஞ்சம் கவனமா பண்ணுப்பா.’ சொல்பவர் பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கேட்பவர் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நாளைக் காலையில் அவர் எதை மாற்ற வேண்டும்? எந்த வரியை, எந்த போல்ட்டை, எந்தப் பழக்கத்தை? ஒன்றும் தெரியாது. தெரிவது ஒன்றே ஒன்றுதான்: பெரியவருக்கு நம்ம மேல் திருப்தி இல்லை.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். எடைமேடை, உலை வெப்பநிலைப் பதிவு, கேட் பாஸ் மாதிரியான சமாச்சாரங்கள். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரிப் பக்கத்துப் பிள்ளைகள் பி.ஈ. முடித்த கையோடு இங்கே வருகிறார்கள். அவர்களுக்குக் குறை சொல்லும் விதம் பற்றிப் படித்ததையும் பார்த்ததையும் குறித்து வைத்திருந்தேன். அதில் ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1996-ல் அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெநீசி என்ற இருவர் சைக்காலஜிகல் புல்லட்டின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை ஃபீட்பேக் பற்றி நடந்திருந்த சோதனைகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டிச் சேர்த்துப் பார்த்த வேலை அது. சராசரியாக ஃபீட்பேக் பலன் தருகிறது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில், ஃபீட்பேக் கொடுத்த பிறகு வேலையின் தரம் குறைந்திருந்தது. அதாவது, அந்த இடங்களில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே தேவலை.

ஏன் இப்படி என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது. ஒரு விமர்சனம் காதில் விழும்போது கேட்பவரின் கவனம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். அது வேலையின் மேல் போனால் வேலை திருந்துகிறது. ‘நான் எப்படிப்பட்டவன், என்னைப் பற்றி இவர் என்ன நினைக்கிறார்’ என்று தன் மேல் திரும்பினால், மூளையின் சக்தியெல்லாம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கே செலவாகிவிடுகிறது. இதில் பாராட்டும் சேர்த்திதான். ‘நீ கெட்டிக்காரன்’ என்பதும் கவனத்தை ஆள் மேல்தான் திருப்புகிறது. ‘கவனமா பண்ணு’ முழுக்க முழுக்க ஆளைப் பற்றிய வாக்கியம். அதில் வேலையே கிடையாது.

இனி சம்பவம். ஆலையின் பெயர் வேண்டாம். பழைய இரும்பை வாங்கி உருக்கிக் கம்பி செய்கிற இடம் என்பது போதும், இங்கே அப்படிப் பல உண்டு. ஸ்கிராப் லாரி உள்ளே வரும்போது எடைமேடையில் ஏறி நிற்கும். அது மொத்த எடை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மறுபடி ஏறும். அது காலி வண்டியின் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். எடைமேடைக்கு அடியில் இருக்கும் லோட் செல்கள் ஒரு இண்டிகேட்டருடன் இணைந்திருக்கும். அந்த இண்டிகேட்டர் சீரியல் கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்கு நொடிக்குப் பல வரிகள் அனுப்பிக்கொண்டே இருக்கும். வரிகள் இப்படி இருக்கும்:

```
US,GS,+  31620kg
US,GS,+  31390kg
ST,GS,+  31480kg
```

`US` என்றால் எடை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். `ST` என்றால் நிலைத்துவிட்டது. முப்பது டன் வண்டி மேடையில் ஏறி பிரேக் போட்டால் மேடை முன்னும் பின்னும் சில நொடிகள் ஆடத்தான் செய்யும். பின் சக்கரம் முழுசாக ஏறாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இந்த மென்பொருளில் எடையை வாங்கிச் சேமிக்கிற பகுதியை எழுதியது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு தம்பி. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஊர், வீட்டில் முதல் பட்டதாரி. அவர் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்:

```
line = port.readline()
weight = parse(line)
save_gross(weight)
```

ஆபரேட்டர் பட்டனை அழுத்தியதும் வருகிற முதல் வரியை எடுத்துச் சேமித்துவிடும். அது `US`-ஆ `ST`-ஆ என்று பார்ப்பதே இல்லை. சில லாரிகளில் எடை கூடுதலாகப் பதிவாகும், சிலவற்றில் குறைவாக. இரண்டு பக்கமும் தவறுவதால் மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு லாரியாகப் பார்த்தால் கேட்டில் சண்டை. குறைவாகப் பதிவான அன்றைக்கு டிரைவர் ஸ்லிப்பை மேசையில் அடித்துக் கத்துவார். கூடுதலாகப் பதிவான அன்றைக்கு யாரும் கத்தமாட்டார்கள், ஆலைக்கு நஷ்டம்.

அந்தத் தம்பியின் கோடை அவருடைய சீனியர் ஒருவர் ஏற்கெனவே ரிவ்யூ செய்திருந்தார். ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. தமிழில் சொன்னால், ‘எடை வாங்கும் பகுதி உறுதியாக இல்லை. சரியாகக் கையாளவும். கமிட் செய்யும் முன் நன்றாகச் சோதிக்கவும்.’ குறிப்பு போட்டு மூன்று வாரம் கழித்தும் சண்டை ஓயவில்லை. ‘சொன்னேனே, கேட்கிறானா? இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்’ என்று சீனியர் வருத்தப்பட்டார். பையனை வேறு பிராஜெக்டுக்கு மாற்றிவிடலாமா என்கிற பேச்சு வரைக்கும் போனது.

மாற்றங்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருந்தது. தம்பி கேட்காமல் இல்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து வேலை செய்திருந்தார். சீரியல் போர்ட் திறக்கவில்லை என்றால் மூன்று முறை மறுபடி முயலும்படி எழுதியிருந்தார். எல்லா இடத்திலும் `try`, `except` போட்டிருந்தார். கேபிள் பிடுங்கினால் சிவப்பில் ஒரு எச்சரிக்கை வரும்படி செய்திருந்தார். ‘சரியாகக் கையாளவும்’ என்றால் கல்லூரியில் படித்தபடி பிழைகளைப் பிடிக்கிற வேலைதான் என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார். குறிப்பில் லாரி ஆடுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சீனியரின் தலைக்குள் அந்தப் படம் தெளிவாக இருந்திருக்கிறது, எழுத்தில் வரவில்லை. தான் சொல்லிவிட்டோம் என்று இவர் நினைக்கிறார், தான் செய்துவிட்டோம் என்று அவர் நினைக்கிறார். ஜூனியர் ‘கேட்பதில்லை’ என்று நான் காதால் கேட்ட புகார்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

நான் தம்பியிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு நாள் காலை முழுக்க இண்டிகேட்டர் அனுப்பிய வரிகளை அப்படியே ஒரு கோப்பில் பதிய விட்டேன். 22 லாரிகள் வந்தன. அவற்றில் 6 லாரிகளுக்குச் சேமிக்கப்பட்ட எடை `US` வரியிலிருந்து எடுக்கப்பட்டது. இந்த வேலை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் இது இல்லாமல் பேசப் போயிருந்தால் நானும் ‘எடை உறுதியாக இல்லை’ என்று ஆரம்பித்திருக்க வேண்டியதுதான். குறிப்பாகச் சொல்வது வார்த்தைத் திறமை சம்பந்தப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பேசுவதற்கு முன் போய்ப் பார்த்தோமா என்பதுதான் அதில் முக்கால் பங்கு.

எங்கே பேசுவது? மீட்டிங்கில் கூடாது. வாட்ஸாப் குழுவில் கூடவே கூடாது. ஆபரேட்டர் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் எடைமேடை கேபினிலேயே உட்கார்ந்தோம். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது கண் முன்னால் இருந்தது. ஒரு ஸ்லிப்பையும், அதே நிமிடத்துக்கான வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“தம்பி, இந்த ஸ்லிப்பையும் இந்த லாகையும் சேர்த்துப் பாருங்க. என்ன தெரியுது?”

இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தார். நானும் பேசவில்லை. சீனியர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், விடை தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது.

“சார், US-ல இருக்கும்போதே சேவ் ஆயிருக்கு.”

“எப்படி ஆவுது அது?”

“பட்டன் அழுத்தினதும் வர்ற முதல் வரியை எடுக்கறேன் சார். அதுல ST இருக்கான்னு பாக்கல.”

இங்கே ஒரு சின்ன விஷயம் கவனிக்கலாம். ‘ஏன் அப்படிப் பண்ணினீங்க?’ என்று கேட்கவில்லை. தமிழில் ‘ஏன் பண்ணினே?’ என்பது பெரும்பாலும் கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு. சின்ன வயதிலிருந்து டம்ளரை உடைத்தபோதெல்லாம் கேட்ட கேள்வி அது. அதற்கு நாம் பழகிய பதில் ‘தெரியல’, இல்லாவிட்டால் ‘நான் இல்ல’. ‘எப்படி ஆவுது?’ என்றால் கவனம் இயந்திரத்தின் மேல் போகிறது. க்ளூகரும் டெநீசியும் சொன்னது, இந்த இரண்டு சொற்களின் வித்தியாசத்துக்குள் அடங்கியிருப்பதாக எனக்குப் படும்.

அடுத்து, அதன் விளைவு. இதையும் நீதிபோதனையாகச் சொல்ல வேண்டியதில்லை, கணக்காகச் சொன்னால் போதும். மேலே காட்டிய வரிகளில் நிலைத்த எடை 31,480 கிலோ. முதல் வரியை எடுத்தால் 31,620. வித்தியாசம் 140 கிலோ. ஸ்கிராப் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லாரிக்கு 4,200 ரூபாய். தம்பியின் முகம் மாறியது. அந்த இடத்தில் நான் சொன்னது: “நீங்க போட்ட அந்த மூணு தடவை முயற்சி பண்ற பகுதியை எடுக்காதீங்க. இங்க எலி கேபிளைக் கடிக்கும், அது தேவை. அது வேற பிரச்சினைக்கான தீர்வு, இது வேற பிரச்சினை.”

இது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை, உண்மை. பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று ரொட்டிக்கு நடுவே ஜாம் தடவுகிற மாதிரி ஒரு முறையை மேலாண்மை வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு தடவை அதை அனுபவித்த ஜூனியர், மூன்றாவது தடவை பாராட்டைக் கேட்டதுமே ‘அடி எங்கேருந்து வரப்போவுது’ என்று பதற ஆரம்பித்துவிடுவார். பிறகு நீங்கள் மனசாரப் பாராட்டினாலும் எடுபடாது. எந்தப் பகுதியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது வேறு. அதுவும் ஒரு தகவல். அதைச் சொல்லாவிட்டால், மாற்று என்றதும் ஜூனியர் நன்றாக இருந்ததையும் சேர்த்து அழித்துவிடுவார்.

அந்தக் கோடில் வேறு குறைகளும் இருந்தன. மாறிகளுக்கு `a1`, `a2` என்று பெயர். தரவுத்தளத்தின் பாஸ்வேர்ட் கோப்பிலேயே அப்பட்டமாக. அன்றைக்கு அதில் எதையும் எடுக்கவில்லை. ஏழு குறை சொன்னால் கேட்பவருக்கு ஏழும் ஒரே எடை. எது லாரிக்கு 4,200 ரூபாய், எது வெறும் அழகு என்று அவருக்குப் பிரிக்கத் தெரியாது. எது சுலபமோ அதை முதலில் திருத்துவார், யாராக இருந்தாலும். பாஸ்வேர்டை அடுத்த வாரம் எடுத்துக்கொண்டோம். பெயர்கள் இன்னும் பாக்கி.

இனி, உண்மையிலேயே சிக்கலான பகுதி. எல்லாம் பேசி முடித்ததும் ஜூனியர் ‘சரிங்க சார்’ என்பார். நம்ம ஊரில் ‘சரிங்க சார்’ என்பதற்கு நான்கு அர்த்தமாவது உண்டு. புரிந்தது, புரியவில்லை ஆனால் கேட்கக் கூச்சம், எனக்கு உடன்பாடில்லை ஆனால் நீங்கள் பெரியவர், பஸ்ஸுக்கு நேரமாச்சு. திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரம், தவறு கண்டால் இடித்துச் சொல்கிற ஆட்கள் அரசனுக்கு வேண்டும் என்கிறது. அது கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் சொல்வது. அந்தத் திசையில் சொல் வருகிற ஆபீஸை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் ‘சரிங்க சார்’ வந்ததும் பேச்சு முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதில் பிரயோஜனமில்லை, அதற்கும் அதே பதில்தான் வரும். நான் கேட்டது, “இதை எப்படி மாத்தப் போறீங்க? பேப்பர்ல போட்டுக் காட்டுங்க.” ‘ST வந்தால் மட்டும் சேமிக்கணும்’ என்று எழுதினார். “ஒரே ஒரு ST போதுமா? டிரைவர் மெதுவா ஊர்ந்து வர்றப்போ நடுவுல ஒரு நொடி ST காட்டிட்டா?” கொஞ்சம் யோசித்துவிட்டு, அதே எடை ஐந்து தடவை தொடர்ந்து மாறாமல் வர வேண்டும் என்றார். ஐந்து என்பது அவர் சொன்ன எண். எனக்கு நான்கோ ஆறோ, எதுவானாலும் பரவாயில்லை. அவருடைய எண்ணாக இருப்பதில்தான் லாபம்.

```
same = 0
last = None
while same < 5:
    status, weight = read_line()
    if status == "ST" and weight == last:
        same += 1
    else:
        same = 1 if status == "ST" else 0
    last = weight
```

(20 நொடியில் நிலைக்காவிட்டால் சேமிக்காமல் எச்சரிக்கை காட்டுகிற வரிகளை இங்கே விட்டுவிட்டேன்.)

கடைசியாக, எப்போது? ‘சீக்கிரம் முடிச்சிடறேன் சார்’ என்பது ஒரு தேதி இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே உதவும். ‘இதைச் செய்வேன்’ என்று முடிவெடுப்பதைவிட, ‘இன்ன சமயம் வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போட்டு வைத்தால் செய்து முடிக்கிற வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது என்பது அதன் சாரம். பின்னால் 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அது நின்றது. தம்பியிடம் நான் கேட்டது, “நாளைக்கு வந்ததும் எதைத் திறப்பீங்க?” அவர் சொன்னது: “வந்து சிஸ்டம் ஆன் பண்ணதும், மெயில் பாக்கறதுக்கு முன்னாடி, இன்னைக்கு லாகையே மறுபடி ஓட்டிப் பாக்கறேன் சார். 22 லாரிக்கும் ST எடை வருதான்னு. வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்ககிட்ட காட்டறேன்.”

வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை நானும் பார்க்க வேண்டும். ஃபீட்பேக் என்ற சொல் பொறியியலிலிருந்து வந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம் (‘பின்னூட்டம்’ என்று தமிழில் எழுதும்போது இன்னும் மறந்துவிடுகிறது). உலையில் தெர்மோகப்பிள் வெப்பத்தை அளக்கிறது, கன்ட்ரோலர் பார்க்கிறது, வால்வு நகர்கிறது, வெப்பம் மாறுகிறது, தெர்மோகப்பிள் மறுபடி அளக்கிறது. இந்த வட்டம் முழுசாகச் சுற்றினால்தான் அதற்கு அந்தப் பெயர். வால்வு நகராவிட்டால் அது வெறும் மீட்டர். அளவு தாமதமாக வந்தாலோ உலை ஒரு தடவை சூடேறிப் போகும், அடுத்த தடவை ஆறிப் போகும். ஜூலையில் எழுதிய கோடைப் பற்றி மார்ச் அப்ரைசலில் சொல்கிறவர்கள் செய்வது இதைத்தான். போதாக்குறைக்கு அங்கே சம்பளமும் மேசையில் இருக்கிறது. சம்பள எண் பக்கத்தில் இருக்கும்போது எந்த மனிதனின் கவனமும் லாரி எடையில் நிற்காது.

வெள்ளிக்கிழமை 22 லாரிகளும் சரியாக வந்தன. திங்கள்கிழமை புதிய கோட் எடைமேடைக்குப் போனது. புதன்கிழமை ஆபரேட்டர் அண்ணன் தம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு லாரிக்கும் பத்து நொடி கூடுதலாக ஆகிறது, வண்டிகள் சாலை வரைக்கும் நிற்கின்றன, பழையபடியே மாற்றிக் கொடு என்று சத்தம். மறுபடி பழைய கோடுக்கே போயிருந்தால் எனக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. திருத்தியதற்காக ஒருவர் திட்டு வாங்கினால், எவ்வளவு பக்குவமாகச் சொன்ன ஃபீட்பேக்கும் ஒரு வாரம்கூடத் தாங்காது. இந்த இடத்தில் ஜூனியரிடம் மேலும் பேசி ஒன்றும் ஆகாது. பேச வேண்டிய ஆள் கேட் சூப்பர்வைசர். லாரிகளை எண்ணி ஆபரேட்டரை எடைபோடுகிற வரை அவர் அவசரப்படத்தான் செய்வார்.

சூப்பர்வைசரிடம் அந்த 6 ஸ்லிப்களையும் எடுத்துக்கொண்டு போனேன், தம்பியையும் கூட்டிக்கொண்டு. என்னை முந்திக்கொண்டு தம்பிதான் பேசினார். பத்து நொடியில் ஆறு நொடி ஆபரேட்டர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் போகிறது, எடை நிலைத்ததும் திரை முழுக்கப் பச்சையாகிற மாதிரி செய்துவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும், டிரைவருக்கும் தெரியும் என்றார். அவர் நேரம் அளந்து வைத்திருந்தார். அதை நான் சொல்லவில்லை.